பால் குடிக்காத ஒரு வேளை

"ஊசியெல்லாம் போட்டாச்சு" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முத்தியால்பேட்டையில் கீழே கிளினிக்கும் மேலே வீடுமாக நாய், பூனை பார்க்கிற டாக்டர் நான், கலைவாணி. பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. எந்த ஊசி, எப்போது, எங்கே போட்டது என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் பத்தில் இரண்டு பேர். மற்றவர்கள், நான் ஏதோ அவர்களுடைய சொந்த விஷயத்தில் தலையிட்டது போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

லூயிஸ் இரண்டாவது வகை. எழுபத்தோரு வயது, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பழைய சிப்பாய், எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். மனைவி இறந்துவிட்டாள், மகன் லியோனில் இருக்கிறான். பிள்ளைச்சாவடியில் யாரோ கொடுத்த இரண்டு மாதப் பெண் நாய்க்குட்டி ஒன்றை வளர்க்க ஆரம்பித்து எட்டு நாள் ஆகியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் போன் செய்தார்.

"மதாம், குட்டி காலையிலேர்ந்து பால் குடிக்கல. சும்மா சுருண்டு படுத்துக்கினு இருக்குது."

"ஊசி போட்டீங்களா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. கொடுத்தவங்களே போட்டுத்தான் கொடுத்தாங்க."

"முசே, உடனே எடுத்துக்கினு வாங்க."

"அவசரம் ஒண்ணும் இல்ல. தியெத் வெச்சிருக்கேன். ஒரு நாள் வயித்துக்கு ஓய்வு கொடுத்தா எல்லாம் சரியாயிடும். எங்க ரெஜிமெண்ட்டு நாய்ங்களுக்கே அப்படித்தான் செய்வோம்."

தியெத் என்றால் பட்டினி. அவர் தெருவில் பாதி வீட்டுக்கு அதுதான் வைத்தியம். முப்பது கிலோ ராணுவ நாய் ஒரு நாள் பட்டினி கிடக்கும், கிடந்து எழுந்தும் நிற்கும். இரண்டு கிலோ குட்டியின் உடம்பில் அப்படி என்ன சேர்த்து வைத்திருக்கிறது? இதைச் சொல்லிக் கத்தினேன். அவர் "மெர்சி, மதாம்" என்று மரியாதையாகப் போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எனக்கும் கிளினிக்கில் கூட்டம், விட்டுவிட்டேன். அந்த விட்டதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு பத்து மணிக்கு வந்தார். துணிப் பையில் குட்டி. பையைத் திறந்ததும் அந்த நாற்றம். ரத்தம் கலந்த பேதியின் நாற்றம் இது. ஒரு முறை முகர்ந்த மூக்கு மறக்காது. பார்வோ, குட்டிகளின் குடலை அரிக்கிற வைரஸ், என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. கிட் வைத்துச் சோதித்ததும் அதையே சொன்னது.

கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கினேன். தூக்கியது தூக்கியபடியே நின்றது, உடம்பில் தண்ணீர் இல்லை. ஈறு வெளுத்து ஒட்டிக்கொண்டு இருந்தது, கண் உள்ளே போய்விட்டது, பாதம் சில்லிட்டிருந்தது.

"தண்ணியாவது வெச்சீங்களா?"

"தண்ணியும் கொடுக்கல. குடிச்சா வாந்தி எடுக்குது இல்ல? அதான் கிண்ணத்தையே எடுத்துட்டேன்."

இப்போது திட்டுவதற்கு நேரமில்லை. வாந்தியிலும் பேதியிலும் உடம்புத் தண்ணீர் முழுக்க வெளியே போய்க்கொண்டிருக்க, இவர் உள்ளே போகிற வழியை அடைத்திருக்கிறார். வாயால் கொடுத்தால் நிற்காது என்பது சரிதான், அதனால்தானே நரம்பில் ஏற்ற வேண்டும்? அதற்குத்தானே நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்?

முன்னங்காலில் நரம்பு தேடினேன். கிடைக்கவில்லை. உடம்பு வற்றினால் நரம்பும் சுருங்கிப் போகும். மூன்று இடம் குத்தி, கடைசியில் கழுத்தில் பிடித்தேன். சலைனை வெதுவெதுப்பாக்கி ஏற்றினேன், குளுக்கோஸ் கொடுத்தேன், வாந்தி நிற்க ஒன்று, குடலில் இருந்து கிருமி ரத்தத்துக்குள் போகாமல் இருக்க ஆன்டிபயாட்டிக் ஒன்று. இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. குட்டியின் உடம்பு தானே சண்டை போட்டு ஜெயிக்க மூன்று நாலு நாள் வேண்டும். அதுவரை தண்ணீர் வற்றாமல் அதை உயிரோடு வைத்திருப்பதுதான் வைத்தியம் எல்லாம்.

"ஊசி போட்டாச்சுன்னீங்களே, அட்டை இருக்குதா?"

சட்டைப் பையில் இருந்து ஒரு சின்ன மருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினார். பூச்சி மருந்து. வயிற்றுப் புழுவுக்கு வாயில் ஊற்றுவது, ஊசியே இல்லை.

கூடவே ஒரு கோடு போட்ட நோட்டையும், அவர் பாஷையில் கயே, நீட்டினார். "கயேல எல்லாத்தையும் எழுதியிருக்கேன். உங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்னு."

தமிழில், குண்டு குண்டான எழுத்தில், மணி போட்டு. சனி காலை ஆறு, பால் குடிக்கவில்லை. பத்து, கூப்பிட்டால் வால் ஆட்டவில்லை. மூன்று, வெள்ளை நுரையாக வாந்தி. ஆறு, மஞ்சள் வாந்தி. எட்டு, தண்ணீராகப் பேதி. ஞாயிறு காலை ஐந்து, பேதியில் ரத்தம். மனுஷன் தூங்கவே இல்லை போலிருக்கிறது. பூசைக்குப் போன ஒரு மணி நேரம் தவிர, இருபத்தேழு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்தப் புத்தகத்திலும் இதைவிடச் சரியாக இருக்காத மாதிரி ஒவ்வொரு அறிகுறியையும் கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறார். தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை எனக்கு.

நாலு மணி வரை போராடினேன். மூன்றரைக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அவர் "ஆ, பார்த்தீங்களா" என்று எழுந்து நின்றார். நாலுக்கு முடிந்துவிட்டது.

அவர் குட்டியின் காதை ஒரு முறை நீவிவிட்டார். பிறகு நோட்டை மேஜைமேல் விரித்து, "எந்த வரியில வந்திருக்கணும், மதாம்?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாம். எழுபத்தோரு வயது மனுஷன், வீட்டில் யாரும் இல்லை. ஆனால் முதல் வரியில் விரலை வைத்தேன். "ஊசி போடாத குட்டி ஒரு வேளை பால் குடிக்கலன்னா, அப்பவே. நுரை வாந்தியில வந்திருந்தா கூட நரம்பு கிடைச்சிருக்கும்."

அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வருத்தம் எரிச்சலாகத்தான் வெளியே வந்தது. "கூடப் பொறந்தது எங்கெல்லாம் இருக்குது?"

"ஒண்ணுதான் தங்குச்சு. குருசுக்குப்பத்துல நமக்கு மீன் கொடுக்கிற அஞ்சலாட்சிகிட்ட."

"இதே தாய், இதே இடம். அதுக்கும் ஒட்டியிருக்கும், இன்னைக்கோ நாளைக்கோ காட்டும். போய்ச் சொல்லுங்க. ஆனா வாசல்லயே நின்னு சொல்லுங்க. உங்க கை, செருப்பு, வேட்டி எல்லாத்துலயும் இது இருக்குது. அந்தக் குட்டியத் தொடவே கூடாது. வீட்ட பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்க. ஒரு வருஷத்துக்கு அங்க வேற குட்டி வேணாம்."

கேட்பாரா, மறுபடி ரெஜிமெண்ட் கதை சொல்வாரா என்று எனக்கு நம்பிக்கையே இல்லை. குட்டியை என்னிடம் விட்டுவிட்டு, பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை கதவை யாரோ உடைக்கிற மாதிரித் தட்டினார்கள். தலையைக்கூட வாராமல் இறங்கி வந்தேன். படியில் அஞ்சலாட்சி, மீன் அன்னக்கூடையில் குட்டியை வைத்துக்கொண்டு நின்றாள். அது லேசாகத் தலையைத் தொங்கப் போட்டிருந்தது, கண் தெளிவாக இருந்தது. தோலைக் கிள்ளினேன், உடனே படிந்தது.

"வாந்தி எடுத்துச்சா?"

"இன்னும் ஒண்ணும் இல்லம்மா. பால் மட்டும் வேணான்னுச்சு. பெரியவரு ராவெல்லாம் தெருமொனையில சேர் போட்டுக் குந்திக்கினு, 'குடிச்சுதா, குடிச்சுதா'ன்னு கேட்டுக்கினே இருந்தாரு. என்னை மீன் ஏலத்துக்குக்கூடப் போக வுடல."

"அவரு எங்க?"

அவள் கையைக் காட்டினாள். லூயிஸ் தெருவுக்கு அந்தப் பக்கம், சாக்கடையைத் தாண்டி நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் வரவில்லை.

"கதவத் தொறக்க இவ்ளோ நேரமா, மதாம்?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"மணி ஆறரைதான் முசே ஆவுது!"

"ஆறரையா? அஞ்சரைக்கே அது பால் குடிக்கல! ஒரு மணி நேரம் வீணாப் போச்சு!"