வெண்டைப்பூ பார்டர்

புது போனின் திரையில் அந்த வரி மறுபடியும் வந்து நின்றது. மெமரி கார்டு இந்த போனுக்கு ஏற்றதல்லவாம், பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டுமாம். ரேணுகாதேவியின் கட்டைவிரல் பட்டனுக்கு மேலே போய்விட்டது.

"அக்கா! கைய எடு! அத தொட்டீனா எல்லாம் போச்சு" என்று கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள் ஸ்வர்ணலதா. ஆரணி பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே மொபைல் கடை வைத்திருப்பவள். வாயும் கையும் ஒரே வேகம்.

ரேணுகா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சாயங்காலம் கைத்தறிச் சங்கத்தில் கூட்டம். கருநீலப் பட்டில், மஞ்சள் இதழும் அரக்கு நடுவும் வைத்து வெண்டைப்பூ பார்டர் போட்டவள் அவள். தேசூர் பக்கம் ஒரு வெண்டைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, மாதக்கணக்கில் கட்டம் கட்டமாக வரைந்து, முதல் புடவையைத் தானே தறியில் ஏற்றி நெய்தாள். இப்போது விசைத்தறிக்காரன் பார்த்திபன் அதே பூவைப் போட்டு, "இது எங்க டிசைன்" என்று கூசாமல் சொல்கிறான். சங்கத் தலைவர் துரைக்கண்ணு, "பார்த்திபனையும் கூட்டத்துக்கு வரச் சொல்றேன். தறில இருக்கும்போது எடுத்த போட்டோ, தேதியோட காட்டும்மா. கண்காட்சிக்கு நெய்யற ஆர்டர் உனக்குத்தான்" என்றிருந்தார்.

போட்டோ இருந்தது, இந்தக் கார்டில். வேறெங்கும் இல்லை. டிசைன் திருட்டுப் போய்விடும் என்று பயந்து வாட்ஸ்அப்பில் ஒருவருக்கும் அனுப்பவில்லை. கூகுளில் தானாக ஏறுவதையும் நிறுத்தி வைத்திருந்தாள். பழைய போன் அடிக்கடி தானாக அணைந்துவிடுகிறதென்று போன வாரம் புதுசு வாங்கினாள். கார்டை இதில் மாற்றினாள். இப்போது இந்தக் கூத்து.

ஸ்வர்ணலதா போனை அணைத்து, கார்டை வெளியே எடுத்து, அதன் பித்தளை நிறத் தகடுகளை மெல்லிய துணியால் துடைத்து, ஒழுங்காகச் செருகிப் பார்த்தாள். அதே வரி. கடையிலிருந்த வேறொரு போனில் போட்டாள். அதிலும் அதுவே. அடாப்டரில் வைத்து, அதன் ஓரத்துப் பூட்டு பட்டன் எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்த்து, கம்ப்யூட்டரில் செருகினாள். "ஃபார்மட் செய்யவா?" என்று அதுவும் கேட்டது. வேண்டாமென்று மூடினாள். கார்டு ரீடரையும் மாற்றிப் பார்த்தாள்.

"செத்துடுச்சாடி?" என்றாள் ரேணுகா.

"சாவல. செத்த கார்டா இருந்தா கம்ப்யூட்டர்ல அளவே தப்பா காட்டும், இல்ல ஒண்ணுமே காட்டாது. இதுல முழு அளவும் காட்டுது, உள்ள என்னான்னுதான் தெரியல. சாதா கார்டா இருந்து கெட்டிருந்தா, மொதல்ல மொத்தமா ஒரு நகல் எடுத்துகினு, அந்த நகல்லேர்ந்து போட்டோவ மீட்கப் பாக்கலாம். இது அப்படி இல்ல போல. பழைய போன்ல இடம் இல்லன்னு, கார்டையும் போனோட மெமரியா சேத்துக்கன்னு எதனா அழுத்துனியா?"

அழுத்தினாள். ஆமாம், அழுத்தினாள். "இடம் பத்தலன்னு கேட்டுச்சு, சரின்னு குடுத்தேன்."

"அப்ப வெஷயம் புரிஞ்சுது! அந்த போன் இந்தக் கார்ட பூட்டி, சாவிய தன் வயித்துல வெச்சிக்கினு இருக்குது. வேற எதுல போட்டாலும் கெட்டுப்போச்சு, ஃபார்மட் பண்ணுன்னுதான் சொல்லும். மறுபடி அந்த போன்ல போட்டா அப்படியே தெறக்கும். பழைய போன் எங்க?"

"வூட்ல. அவருதான் பாட்டு கேட்டுகினு இருக்காரு."

"ரீசெட் மட்டும் பண்ணக் கூடாது. பண்ணா சாவி அழிஞ்சிடும். அப்புறம் எந்தக் கொம்பனாலயும் முடியாது."

ரேணுகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே நின்று கணவன் லோகநாதனுக்குப் போன் போட்டாள். எத்தனை வருடம் ஒரே தறியில் அவன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தவர்கள்! அவனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாள்? ஒன்று விடாமல் சொன்னாள்.

"இன்னாங்க, போட்டோ எல்லாம் பத்திரமா இருக்குதாம். அந்தப் பழைய போன ஜல்தியா எடுத்துகினு வாங்க. ரீசெட் கீசெட் எதுவும் பண்ணிடாதீங்க, பண்ணா சாவி அழிஞ்சிடுமாம், போட்டோ திரும்ப வரவே வராதாம்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. பிறகு, "சரி, வரேன்" என்றான்.

வீட்டிலிருந்து கடைக்கு வண்டியில் வர டீ குடிக்கிற நேரம் போதும். அவன் வரவில்லை. ரேணுகா இரண்டு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். ஸ்வர்ணலதா இரண்டு வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டாள். அப்புறம்தான் லோகநாதன் வந்து சேர்ந்தான். போனைக் கவுண்டர்மேல் வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய கவர்களைப் பார்க்க ஆரம்பித்தான்.

ஸ்வர்ணலதா போனைத் தொட்டாள். திரை, புத்தம்புதுப் போனைப்போல, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"அண்ணா! இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அது... ஹேங் ஆயிக்கினே இருந்துச்சு. பேஜாராப் போச்சு. அதான் ரீசெட் பண்ணேன்."

"எப்ப?" என்றாள் ரேணுகா.

"காலைல."

"காலைல பண்ணியிருந்தா நான் போன் பண்ணப்பவே சொல்லியிருப்பீங்க இல்ல? சரி வரேன்னு ஏன் சொன்னீங்க?"

அவன் ஒரு கவரை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். ஸ்வர்ணலதா கார்டைப் பழைய போனில் போட்டுப் பார்த்தாள். ஃபார்மட் செய்யவா என்று அதுவும் கேட்டது. தன் சொந்தக் கார்டையே அதற்கு அடையாளம் தெரியவில்லை. ஸ்வர்ணலதா உதட்டைப் பிதுக்கினாள்.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அதுவும் எங்கே வாயை வைக்க வேண்டுமென்று பயிரே சொல்லிக் கொடுத்திருக்கிறது! பூட்டு இது, சாவி இது, இப்படி உடைத்தால் உடையும் என்று தன் வாயாலேயே சொன்னாளே பாவி. யார் யாரையோ சந்தேகப்பட்டாள். சாயம் போடுகிற முத்துவேலோடு ஒரு மாதமாகப் பேச்சைக்கூட நிறுத்தியிருந்தாள். தன் கையால் சோறு வாங்கித் தின்றவனைத்தான் சந்தேகப்படவில்லை.

"பார்த்திபனுக்கு நீங்கதான் குடுத்தீங்களா?"

லோகநாதன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவன் ஷெட்டுல மேஸ்திரியா வெச்சிக்கிறேன்னான். தறிக்குழில உக்காந்து உக்காந்து கால் மரத்துப் போவுது ரேணுகா. ஒரு பூ தானே? நீ இன்னொண்ணு வரைஞ்சுக்குவ."

ஒரு பூ தானே. அந்த வார்த்தைதான் அவளை அறுத்தது. கால் வலி என்றால் தைலம் தேய்த்து விட்டிருப்பாள். வேலை வேண்டுமென்றால் அவளே போய்க் கேட்டிருப்பாள். கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, "எந்தப் பாவி திருடினானோ" என்று அவளோடு சேர்ந்து திட்டினானே! அதை எந்தக் கணக்கில் வைப்பது? இவன் முன்னால் அழக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது துரைக்கண்ணு போனில் கூப்பிட்டார். "போட்டோ கெடச்சுதாம்மா?"

"இல்லீங்க ஐயா. அழிச்சிட்டாரு. டிசைன பார்த்திபனுக்குக் குடுத்ததும் அவருதான். எங்க வூட்டுக்காரரு."

அந்தப் பக்கம் ஒரு இருமல். "அப்படியா... புருஷன் பொண்டாட்டி சமாச்சாரமா பூடுச்சேம்மா. சங்கத்துல பேசினா நல்லா இருக்காது. நீங்களே பேசி முடிச்சிக்கங்க." வைத்துவிட்டார்.

லோகநாதனுக்கு மூச்சு வந்தது. அவன் முகத்தில் அது தெரிந்தது. "அதான் அவரே சொல்லிட்டாரே. வா, வூட்டுக்குப் போவலாம்" என்று வண்டிச் சாவியை எடுத்தான். போகிற போக்கில், "அந்தக் கார்ட ஃபார்மட் பண்ணிக் குடும்மா, பாட்டாவது ஏத்திக்கலாம்" என்றான்.

ரேணுகா கார்டைத் தானே உருவி எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். திறக்காதுதான். இருந்தாலும் இவன் பாட்டுக் கேட்க அதைத் தர மாட்டாள்.

"நான் வூட்டுக்கு வரல. சங்கத்துக்குப் போறேன். எல்லாரும் உக்காந்திருக்கும்போது, பார்த்திபன் மூஞ்சிக்கு நேரா சொல்லப் போறேன். நீயும் வா."

இத்தனை வருடத்தில் அவள் அவனை நீ என்று சொன்னதில்லை. லோகநாதன் வண்டிச் சாவியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"நான் எதுக்கு? எனக்கு அவமானமா இருக்கும் ரேணுகா."

"வரலன்னா போ. நீ சொல்ல வேண்டியதையும் சேத்து நானே சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் தெருவைக் கடந்து நடந்தாள்.