அறுபத்திரண்டு என்று எழுதினேன்

பாட்டில் மூடிகளைச் சோதிப்பது என் வேலை. பதினோரு வருஷமாக மூடியைத் திருகி, அழுத்தி, தண்ணீரில் முக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அளவுக்கு மேல் நாலு மூடி ஒழுகினால் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவேன். யார் வந்து கெஞ்சினாலும் மசியமாட்டேன். ஆனால் என் சம்பளம் என்று வந்தால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். இந்த வேலையில் சேர்ந்த அன்று அவர்கள் ஒரு தொகை சொன்னார்கள், நான் சரி என்றேன். அவ்வளவுதான் பேச்சு. நான் அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொடுத்த ஒருவன் என்னைவிட ஏழாயிரம் அதிகம் வாங்குகிறான் என்று போன வருஷம்தான் தெரிந்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இப்போது வேறொரு கம்பெனியிலிருந்து மெயிலில் வேலை உத்தரவு வந்திருந்தது. மருந்து பாட்டில் மூடி செய்கிற இடம். தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் பதவி, மாதம் ஐம்பத்துநாலாயிரம். எல்லாவற்றையும்விட, வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. இப்போது நான் இரண்டு பஸ் மாறிப் போகிறேன். என் மகள் எழுந்திருக்கும் முன் கிளம்பி, அவள் வீட்டுப்பாடம் முடித்த பிறகு திரும்புகிறேன். அவளுக்கு முன்பல் விழுந்ததே எனக்கு இரண்டாம் நாள்தான் தெரியும். அதனால் அந்த வேலை எனக்கு வேண்டும், வேண்டவே வேண்டும். அதே சமயம், மறுபடியும் முதலில் சொன்ன தொகைக்குத் தலையாட்டிவிட்டு வருஷக்கணக்கில் வயிறெரியவும் நான் தயாராக இல்லை.

பதில் எழுத வீடே கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் ஒரு செல்போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறார். நாள் முழுக்கத் திட்டு வாங்கி மன்னிப்புக் கேட்பது அவர் தொழில். அவர் எழுதிக் கொடுத்ததில் சம்பளம் பற்றிய பேச்சு வருவதற்குள் நாலு இடத்தில் 'சிரமத்துக்கு வருந்துகிறேன்' இருந்தது. படித்தால் எனக்கே என் மேல் பரிதாபம் வந்தது. என் தம்பி பழைய கார் வாங்கி விற்கிறவன். அவன் யோசனை வேறு.

"எண்பது கேளுக்கா. வேற எடத்துல எழுபத்தஞ்சு தர்றாங்கன்னு அடிச்சு விடு. யாரு போய் பாக்கப் போறா?"

"கேட்டா எந்தக் காகிதத்தடா காட்டுறது? கையில இல்லாதத நான் எழுத மாட்டேன்."

அப்படியானால் அறுபதிலிருந்து அறுபத்தைந்துக்குள் என்றாவது எழுது என்றான். அப்படி எழுதினால் அவர்கள் கண்ணுக்கு அறுபது மட்டும்தான் தெரியும், கார் வாங்க வருகிறவனிடம் நீ அப்படிச் சொல்வாயா என்று கேட்டேன்.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். அந்த வாரம் வெளியான வேலை விளம்பரங்களில் இதே பதவிக்கு, இதே அளவு அனுபவத்துக்குச் சம்பளம் போட்டிருந்தவை ஏழு. ஐம்பத்தெட்டிலிருந்து அறுபத்தாறு வரை இருந்தன. அவற்றை இணைத்தேன். பிறகு என் கணக்கு. என் பிரிவில் திரும்பி வந்த சரக்கு நூற்றுக்கு மூன்றாக இருந்தது, இரண்டு வருஷத்தில் ஒன்றாகக் குறைந்தது. வாடிக்கையாளர் பெயர் எதையும் சொல்லவில்லை, இன்னும் இந்தக் கம்பெனியில்தானே சம்பளம் வாங்குகிறேன். முதல் வரியில் நன்றி, உங்களோடு வேலை செய்ய உண்மையிலேயே விரும்புகிறேன் என்று. அப்புறம் ஆதாரம். அப்புறம் ஒரே வாக்கியம்: 'இவற்றைக் கருத்தில் கொண்டு, மாதச் சம்பளத்தை அறுபத்திரண்டாயிரமாக நிர்ணயிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு நீங்கள் இசைந்தால் மகிழ்ச்சியோடு கையெழுத்திடுவேன், பேச வேண்டுமென்றால் எப்போதும் தயார்.' மகளின் பள்ளி, வீட்டு வாடகை, பஸ் எதுவும் அதில் இல்லை. அதெல்லாம் என் பாடு, அவர்கள் பாடு அல்ல. மூன்று முறை படித்துவிட்டு அனுப்பினேன்.

முதல் நாள் பதில் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு இடைவேளையில், நான் அனுப்பியதை இன்னொரு தரம் திறந்து பார்த்தேன். என் பெயருக்குக் கீழே ஒரு வரி இருந்தது.

'நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் வராவிட்டால் சரக்கு நிராகரிக்கப்பட்டதாகக் கருதப்படும்.'

விடுமுறை நாட்களில் மூலப்பொருள் அனுப்புகிறவர்களுக்கு வீட்டிலிருந்து அறிக்கை அனுப்புவதற்காக, என் சொந்த மெயில் ஒவ்வொன்றின் அடியிலும் தானாக வரும்படி நானே ஒரு காலத்தில் போட்டு வைத்த வரி. பார்த்துப் பார்த்துப் பழகியதால் கண்ணில் படவே இல்லை. ஊரார் மூடியில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவள், என் மெயிலில் பாறாங்கல்லைத் தவறவிட்டேன். கையிலிருந்த சோற்றை டப்பாவிலேயே போட்டு மூடினேன். பத்து நிமிஷ நடை, மகளோடு காலைச் சாப்பாடு எல்லாம் போச்சு என்றே நினைத்தேன்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்து அழாத குறையாகச் சொன்னேன். அவர் பதறவே இல்லை. இதற்காகவே பிறந்தவர் போல, இரு, நான் எழுதித் தருகிறேன் என்றார். ஐந்து நிமிஷத்தில் மூன்று பத்தி மன்னிப்பு வந்து சேர்ந்தது. அதில் இரண்டு வரியை மட்டும் எடுத்துக்கொண்டேன்: 'கடைசி வரி, சரக்கு அறிக்கைகளுக்காகத் தானாக வருவது. உங்களுக்கு நான் எந்தக் கெடுவும் வைக்கவில்லை, தவறுக்கு மன்னிக்கவும்.' ஐம்பத்துநாலே போதும் என்றும் சேர்த்துவிடு என்றார். கை அந்த எழுத்துக்கள் வரை போனது. ஏழாயிரக்காரன் எதிர்மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சேர்க்காமல் அனுப்பினேன்.

மறுநாள் காலை அந்தக் கம்பெனியின் மனிதவள அதிகாரி கூப்பிட்டார். நேர்முகத்தில் என்னிடம் சிரித்துப் பேசிய அம்மாள்தான். இயக்குநர் ஊரில் இல்லாததால் தாமதம் என்றார். கெடு வரியைப் பார்த்து ஆபீஸே சிரித்ததாம். நான் எழுதியதை அவர் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இயக்குநருக்கு அனுப்பியிருக்கிறார். ஆதாரம், தொகை எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்ததால் அவர் தன் பங்குக்கு ஒன்றும் எழுத வேண்டியிருக்கவில்லையாம். அறுபது தருவதாகவும், ஆறு மாதத்தில் மறுபடி பரிசீலிப்பதாகவும் சொன்னார்கள். பரிசீலனை என்பதையும் உத்தரவில் எழுதித் தந்தால் இன்றே கையெழுத்து போடுகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார். உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் இங்கே ராஜினாமா கொடுப்பேன் என்றேன், அதற்கும் சரி என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். அவர் போனை வைக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. அந்த மெயில் மாதிரி நானும் ஒண்ணு எழுதலாம்னு பாக்குறேன். எனக்காக. இங்க வந்து ஒம்பது வருஷம் ஆச்சு, ஒரு தடவகூட வாயத் தொறந்து கேட்டதில்ல."

எத்தனையோ பேருக்குச் சம்பளம் பேசி முடித்தவர். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. தாராளமாக எழுதுங்கள், எவ்வளவு கேட்கப் போகிறீர்கள் என்றேன். ரொம்ப மெல்லிய குரலில் ஒரு சின்னத் தொகை சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"மேடம், இது நீங்க கேக்கணும்னு நெனைக்கிற தொகையா, அவங்க குடுப்பாங்கன்னு நெனைக்கிற தொகையா?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தமும் கதவு சாத்தும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்து உட்கார்ந்து, அவர் வேறொரு தொகையைச் சொன்னார்.