உறவுமுறைக் கட்டம்

அனுப்பர்பாளையத்தில் ஆத்தப்பன் தன் பனியன் யூனிட்டை மூடிவிட்டு மிஷின்களை விற்றுக்கொண்டிருந்தார். ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் ஒன்றுதான் பாக்கி. இருபத்திரண்டு வருஷம் ஊரார் மிஷினில் தைத்துத் தேய்ந்த செல்லத்தாய்க்கு அது வேண்டும். வீட்டில் போட்டுக்கொண்டால் ஜாப் ஒர்க் எடுக்கலாம், எந்த சூப்பர்வைசரிடமும் பேச்சு வாங்க வேண்டாம்.

"நாலு மணிக்கு வேற ஆளு வர்றாருங்க அம்மணி. அதுக்குள்ள காசு வந்துட்டா உங்களுக்குத்தானுங்க" என்று ஆத்தப்பன் சொல்லிவிட்டார். மரியாதைக்குக் குறைவில்லை, கெடுவுக்கும் குறைவில்லை.

காசு தோஹாவிலிருந்து வர வேண்டும். அனுப்புகிறவன் முனீஸ். செல்லத்தாயின் தம்பி. போன வருஷத்திலிருந்து மருமகனும்கூட, அவள் மகள் அபிராமியைக் கட்டியவன். தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பது அவர்கள் பக்கம் அதிசயமே இல்லை. பணம் அனுப்புகிற போன் ஆப்புக்குத்தான் அது அதிசயமாகப் போயிற்று.

காலையில் முதல் சிக்கல் பேரில் வந்தது. எட்டு வருஷமாக அவள் பேரை அவன் எப்படியோ எழுதி வைத்திருந்தான், அதற்கே பணம் வந்தது. இந்த மாதத்திலிருந்து பாஸ்புக்கில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டுமாம். செல்லத்தாய் பாஸ்புக்கைப் படம் எடுத்து அனுப்பினாள். அவன் அதே கணக்கு எண்ணுக்குப் புதிதாகப் பேரைப் பதிந்தான். நோக்கம் என்ற இடத்தில் குடும்பப் பராமரிப்பு என்று போட்டான்.

பதினோரு மணிக்கு மறுபடி போன்.

"யக்கா, நிறுத்தி வச்சிட்டாங்க. ஒரே கணக்குக்கு ரெண்டு உறவு எப்படின்னு கேக்காங்க."

"என்னல ரெண்டு உறவு?"

"பழைய பதிவுல அக்கான்னு இருக்கு. இன்னைக்குப் புதுசா போடும்போது மாமியார்னு போட்டுட்டேன். இப்ப நீ மாமியார்தான?"

செல்லத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். கூறுகெட்ட பயல்! எந்தக் காலத்திலாவது அவளை மாமியார் என்று கூப்பிட்டிருக்கிறானா? எதிரே நின்றால் அக்கா, எழுதும்போது மட்டும் மாமியாரா?

"ரெண்டும்தான்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானல!"

"சொன்னேன். அதுக்கப்புறந்தான் ரொம்பச் சந்தேகப்படுதாங்க. ஒண்ணுதான் வைக்கணுமாம், அதுக்கு ஆதாரம் காட்டணுமாம்."

"அக்கான்னே வையி. அதுக்கென்ன யோசனை?"

ஆதாரம் தேடுகிற படலம் தொடங்கியது. முனீஸின் பாஸ்போர்ட்டில் அப்பா பேர் அங்கமுத்து என்று இருக்கிறது. செல்லத்தாயின் காகிதத்திலும் அங்கமுத்து இருந்தால் முடிந்தது. பீரோவைக் கவிழ்த்தாள். ஆதாரில் கணவர் மூக்கையா. வாக்காளர் அட்டையில் கணவர் மூக்கையா. ரேஷன் கார்டிலும் பாஸ்புக் இனிஷியலிலும் அதே மூக்கையா. பத்து வருஷத்துக்கு முன் செத்துப்போன மனிதர் காகிதம் காகிதமாக உட்கார்ந்திருந்தார். பெற்ற அப்பனை எங்கேயும் காணோம். பிறப்புச் சான்றிதழ் அவளுக்கு யாரும் வாங்கியதில்லை.

"பள்ளிக்கூட டி.சி. இருக்கா யக்கா? அதுல அப்பா பேரு இருக்கும்."

அவளுக்கு வந்ததே ஆத்திரம். "யாருட்டல டி.சி. கேக்க? நீ பள்ளிக்கூடம் போகணும்னுதான என்னைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பினாங்க? உன் டி.சி.யை வேணா தாரேன், வச்சுக்கோ!"

 பிறகு முனீஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான். மாமியார் என்பதற்கு எல்லாம் இருக்கிறதாம். கல்யாணப் பதிவுச் சான்றிதழில் அபிராமி பேர் இருக்கிறது. அபிராமியின் பிறப்புச் சான்றிதழில் தாயார் செல்லத்தாய் என்று இருக்கிறது. மனைவி விசாவுக்காக இரண்டையும் போனிலேயே வைத்திருக்கிறான். அக்கா என்ற பழைய பதிவை அழித்துவிட்டால் போதும்.

மணி இரண்டேமுக்கால். செல்லத்தாய் காகிதங்களை அள்ளி பீரோவுக்குள் திணித்தாள். அம்மா செத்தபோது மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தீப்பெட்டிக் குச்சி அடுக்கியவள் அவள். அதற்குத் துண்டுச் சீட்டுகூட இல்லை. ஒரு வருஷச் சம்பந்தத்துக்கு முத்திரை குத்திய காகிதம் இரண்டு.

"அழிச்சிரு" என்றாள்.

"யக்கா..."

"அழின்னா அழில. நாலு மணிக்கு ஆளு வந்துருவான்."

மூன்று முப்பத்தைந்துக்குப் பணம் ஏறிவிட்டதாக பேங்க் மெசேஜ் வந்தது. ஆத்தப்பன் யூனிட்டுக்கு ஓடிப்போய், அவர் கணக்குக்கு அங்கேயே நின்று போனில் மாற்றினாள். "சொன்னபடி வந்துட்டீங்களே, சந்தோசமுங்க" என்று அவர் மிஷினைத் துடைத்துக் கொடுத்தார். மினி ஆட்டோவில் ஏற்றும்போது முனீஸ் கூப்பிட்டான்.

"பணம் வந்துட்டா யக்கா?"

"வந்துட்டுங்க மாப்ளே" என்றாள் செல்லத்தாய்.

பிறந்ததிலிருந்து அவனை அவள் ஏலே என்றும் முனீசு என்றும்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

"யக்கா, அப்படிக் கூப்பிடாத" என்றான் அவன்.