நன்றி மட்டும் போட்ட பக்கம்

முதலீட்டாளர்களுக்குக் காட்டிய ஸ்லைடுகளை வைத்துக்கொண்டு கிரேஸ் ரெண்டு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஆன்லைனில் பட்டுப்புடவை விற்கும் கம்பெனி. ஆபீஸ் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மூணாவது மாடி. வெள்ளிக்கிழமை ஊழியர் கூட்டம். அதே கதையை ஊழியர்களுக்கு ஏற்றமாதிரி மாற்றுவது அவள் வேலை.

வேலை அவளுக்குக் கைவந்ததுதான். எவ்வளவு பணம் கேட்கிறோம், கம்பெனிக்கு என்ன மதிப்பு போட்டிருக்கிறோம் என்கிற பக்கங்களைத் தூக்கினாள். சந்தை எவ்வளவு பெரிசு என்று தொடங்கியதைக் கடைசிக்குத் தள்ளி, இந்த வருஷம் யார் என்ன செய்தார்கள் என்பதை முன்னே கொண்டுவந்தாள். ‘திரும்பி வரும் புடவை குறைந்ததால் லாபம் கூடியது’ என்றிருந்ததை, ‘பேக்கிங் டீம் பார்த்துப் பார்த்து அனுப்பியதால் புடவை திரும்பி வருவது குறைந்தது’ என்று எழுதினாள். எண் ஒன்றையும் மாற்றவில்லை. எண்ணை மாற்றினால் பொய். வரிசையை மாற்றினால் பொய்யில்லை. இதுதான் அவள் கணக்கு.

பதினோராவது பக்கத்தில் மாட்டிக்கொண்டாள். ‘செலவுக் குறைப்பு: போட்டோ ஸ்டுடியோ மார்ச்சில் மூடப்படும். புடவைப் படங்களை இனி கம்ப்யூட்டரே உருவாக்கும்.’

அந்த ஸ்டுடியோவில் போட்டோ எடுப்பது அவள் தம்பி ஜெபகுமார்.

அவள் அதை அப்படியே எழுதி, சம்பந்தப்பட்டவர்களிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும் என்று குறிப்பும் போட்டு அனுப்பினாள். சென்னையிலிருந்து முதலாளி விக்னேஷ் போன் செய்தான்.

“கிரேஸ், பணம் கைக்கு வர்ற வரைக்கும் ஸ்டுடியோ மேட்டர் வெளிய போகக்கூடாது. எடுத்துடு. டோன் பாசிட்டிவா இருக்கட்டும். யார்கிட்டயும் மூச்சு விடாத.”

“யார்கிட்டயும்னா?”

“உன் தம்பியையும் சேத்துத்தான் சொல்றேன்.”

அன்று சாயங்காலம் வீட்டுக்கு, கூரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஜெபகுமார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில வேலைக்கு வரச் சொல்லிக்கினே இருக்கான். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். இன்னா பண்ணட்டும்?”

“கூட்டத்தப் பாத்துட்டு சொல்லேன்டா.”

“இன்னாக்கா, பெரிய ரகசியம் மாதிரி பேசற?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாயைத் திறந்தால் அவள் வேலையும் போகும். அம்மா டயாலிசிஸுக்கு அவள் சம்பளம்தான். ஆனால் ஸ்லைடுக்குள்ளேயே சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு டீமுக்கும் ஒரு பக்கம்: இந்த வருஷம் செய்தது, அடுத்த வருஷம் செய்யப்போவது. ஸ்டுடியோவுக்கு மட்டும் அடுத்த வருஷம் கிடையாது. படம், கீழே நன்றி. அவ்வளவுதான். பார்க்கிறவனுக்குப் புரியும். இந்தத் தொழிலில் யாரையாவது புகழ்ந்துவிட்டு வேலை ஒன்றும் ஒதுக்கவில்லை என்றால், ஆள் முடிந்தான் என்று அர்த்தம்.

ஆறு டீம் பக்கங்களில் ஸ்டுடியோ பக்கத்தை முதலில் வைத்தாள். கண்ணில் படட்டும் என்றுதான்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் விளக்கை அணைத்தார்கள். திரை முழுக்க ஜெபகுமார், கையில் கேமரா, பின்னால் அரக்குப் புடவை. ‘நம் புடவைகளை உலகம் முதலில் பார்த்தது இவர்கள் கண்களால். நன்றி.’ பேக்கிங் பெண்கள் விசிலடித்தார்கள். “ஹீரோ பா!” என்று அவர்களில் சிம்ரன் கத்தினாள். அடுத்தடுத்த பக்கங்கள் ஓடின. ஜெபகுமார் ஒன்றையும் பார்க்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போவதைப் பார்த்து கிரேஸ் எழுந்தாள். வரிசையில் கால்களைத் தாண்டி வெளியே வருவதற்குள் அவன் பேசி முடித்திருந்தான்.

“ஸ்ரீபெரும்புதூர்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்க்கா.” சிரித்தான். “விக்னேஷ் எழுதியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். அது உன் எழுத்து. எனக்குத் தெரியாதா?”

“டேய், மத்த டீமுக்கெல்லாம் அடுத்த வருஷம்னு போட்டிருந்தேனே, பாக்கலியா?”

“எங்க பாத்தேன்.”

“ஸ்டுடியோவுக்கு அது இல்ல.”

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. பிறகு அவன் அந்த நம்பருக்குத் திரும்ப அடித்தான். ரெண்டு தடவை. மூணாவது தடவை எடுத்தார்கள். “சரிங்க... இல்லங்க, பரவால்லங்க” என்று வைத்தான். அடுத்த ஆளுக்குச் சொல்லியாகிவிட்டதாம்.

“வெளிய சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கடா. என் வேலையும் போயிடும். அதான் ஸ்லைடுல...”

“பஸ்ஸுல பக்கத்துலதானக்கா உக்காந்திருந்தேன். போய்டுடான்னு ஒரு வார்த்த போதாதா? ஏன்னு கேட்டிருப்பனா நான்?”

கேட்டிருக்க மாட்டான். அவளுக்குத் தெரியும்.

உள்ளே கைதட்டல் கேட்டது. ஜெபகுமார் மாடிப்படியில் ரெண்டு படி இறங்கி நின்றான்.

“அம்மாகிட்ட நீயே சொல்லிடு. நல்லா எழுதுவ இல்ல, எழுதியே சொல்லு.”

அவன் இறங்கிப் போனான்.