ஒன்பது பேர் கொட்டகை

கொட்டகைக்குள் அன்று ஒன்பது பேர்தான் இருந்தார்கள். முத்துமீனா வாசலில் நின்றே எண்ணிவிட்டாள். மற்ற நான்கு பேரைப் பின்பக்க வேலி வழியாகத் தண்டவாளத்துப் பக்கம் அனுப்பியிருப்பார்கள். யாராவது அதிகாரி வருகிறார் என்றால் எப்போதும் அதுதான் வழக்கம். எட்டு வருஷத்தில் அவளே நாலைந்து தடவை அந்த வேலியில் சேலை கிழியப் போயிருக்கிறாள்.

சமயநல்லூரில் ரோட்டை ஒட்டி இருக்கிற அட்டைப்பெட்டிக் கம்பெனி அது. முதலாளி அழகுபாண்டி. பதிவேட்டில் ஒன்பது பேர், மிஷின்களுக்கு முன்னால் பதினாலு பேர். பத்து ஆள் ஆகிவிட்டால் கம்பெனியை இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் பதிந்தாக வேண்டும். சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றே கால் ரூபாய் முதலாளி கட்ட வேண்டும், முக்கால் ரூபாய் தொழிலாளியிடம் பிடிக்க வேண்டும். அந்த மூன்றே காலுக்காகத்தான் முத்துமீனாவின் பெயர் எட்டு வருஷமாக எந்த நோட்டிலும் ஏறவில்லை.

வைகாசியில் பஞ்சிங் மிஷின் அவளுடைய வலது கையில் மூன்று விரல்களைத் தட்டையாக்கியது. அழகுபாண்டிதான் தன் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். பில்லையும் கட்டினார். வீட்டில் கிரைண்டரில் கை மாட்டிக்கொண்டது என்று அங்கே எழுத வைத்ததும் அவர்தான். இது அவளுக்குத் தையல் பிரிக்கிற அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் வீட்டில் கிரைண்டரே கிடையாது.

கம்பெனி பதிந்திருந்தால் வைத்தியம் இ.எஸ்.ஐ.காரர்கள் பொறுப்பு. வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்தில் முக்கால்வாசிக்கு மேலேயே வந்திருக்கும். போன விரல்களுக்கு மருத்துவக் குழு கணக்குப் போட்டு ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் தருவார்கள். இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டு இ.எஸ்.ஐ. ஆபீசுக்கு இடது கையால் மனு எழுதிப் போட்டாள். இன்று அதிகாரி ஜெயக்கொடி வந்திருக்கிறார்.

“இந்தாங்க மேடம் மஸ்டர் ரோல். ஒம்போது பேரு. தலைய எண்ணிக்கங்க,” என்றார் அழகுபாண்டி. வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, முகத்தில் கல்யாண வீட்டுச் சிரிப்பு.

“இவங்க இங்க வேலை பார்த்ததா மனுக் கொடுத்திருக்காங்களே?”

“யாரு, மீனாவா? அது நம்ம ஊருப் பிள்ளை. கழிவு அட்டை வாங்கிட்டுப் போக வரும். பாவம், வீட்ல கைய விட்ருச்சு. நாந்தேன் மனசு கேக்காம செலவு பண்ணேன். அதுக்குத்தேன் இந்த மரியாத.”

முத்துமீனா முன்னால் வந்தாள். “கழிவு அட்டை வாங்க வந்தவ எதுக்குண்ணே காலைல எட்டு மணிக்கு வந்து ராத்திரி ஏழு மணிக்குப் போனேன்? அம்புட்டு அட்டையவா தூக்கிட்டுப் போனேன்?”

“கோவப்படாத தாயி. மேடம் கேட்டதுக்குச் சொல்றேன்.”

ஜெயக்கொடி வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். இந்த அம்மா இங்கே வேலை பார்த்தாரா? ஒருத்தன் பசை வாளியைப் பார்த்தான். ஒருத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அடுத்தடுத்த மிஷினில் ஆறு வருஷம் நின்ற நாகஜோதி, ஒரே தூக்குவாளியில் சோறு தின்ற நாகஜோதி, குனிந்த தலை நிமிரவில்லை. இ.எஸ்.ஐ. வந்தால் கொட்டகையை இழுத்து மூடிவிடுவேன் என்று அழகுபாண்டி நேற்றே எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார்.

முத்துமீனா அவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். பேச வாயெடுத்தால் கெட்ட வார்த்தைதான் வரும் போலிருந்தது. விறுவிறுவென்று கொட்டகைக்குப் பின்னால் போனாள். மழையில் நனையாமல் அட்டைக்கட்டுகள் மேல் பழைய பிளெக்ஸ் பேனர்களைப் போர்த்தி வைத்திருந்தார்கள். அடியில் கிடந்த ஒன்றை இடது கையால் உருவி, தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து அதிகாரியின் காலடியில் விரித்தாள்.

தை மாதம் அழகுபாண்டி மகனுக்குக் காதணி விழா. பேனரின் நடுவில் தங்கச் சங்கிலியோடு பையன், பக்கத்தில் கைகூப்பிய அழகுபாண்டி. கீழே இரண்டு வரிசையில் சின்னச் சின்ன முகங்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் பெயர். ‘அண்ணனின் பாசத்துக்குரிய எங்கள் கம்பெனித் தொழிலாளர்கள்’ என்று தேதியோடு அச்சாகியிருந்தது.

“இப்ப எண்ணுங்க மேடம்,” என்றாள் முத்துமீனா.

ஜெயக்கொடி குனிந்து எண்ணினார். பதினாலு. ஐந்தாவது முகம் முத்துமீனா. எட்டாவது நல்லகாமன், லோடு ஏற்றுகிறவன்.

“இது சும்மா மேடம், பாசத்துல வைக்கிறது. நம்ம மதுரைல மொய்க்கு வாரவன் எல்லாம் தலையப் போட்டுக்கிருவான். நல்லகாமன் காண்ட்ராக்ட்காரன். அவன் கணக்கே வேற.”

“காண்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் உங்க கம்பெனி வேலையச் செஞ்சா உங்க எண்ணிக்கைலதான் வருவாரு,” என்றார் ஜெயக்கொடி. “கடைசி பன்னெண்டு மாசத்துல ஏதாவது ஒரு நாள் பத்துப் பேர் வேலை பார்த்திருந்தாலே போதும். ஆனா…” அவர் முத்துமீனாவைப் பார்த்தார். “படத்த மட்டும் வச்சு நான் எழுத முடியாதும்மா. சம்பளத்துக்கு வேலை பார்த்தாங்கன்னு யாராவது சொல்லணும்.”

அழகுபாண்டியின் சிரிப்பு திரும்பி வந்தது. “அதான் மேடம். எம் மேல உள்ள பிரியத்துல இதுக தானா காசு போட்டு வச்சுச்சுக. நான் வேணாம்னுதேன் சொன்னேன்.”

“தானாவா?”

குரல் கட்டிங் மிஷின் பக்கமிருந்து வந்தது. நாகஜோதி.

“நீ வேலையப் பாரு ஆத்தா.”

“என்னத்தண்ணே பாக்க? பிரியத்துலயா வச்சோம்? ஆளுக்கு எரநூறுன்னு சனிக்கிழமைச் சம்பளத்துல நீங்களாப் பிடிச்சீங்க. எம் பிள்ளைக்கு நோட்டு வாங்கணும், அடுத்த வாரம் பிடிச்சுக்கங்கன்னு கெஞ்சுனேன். பேனர்ல ஒந்தலை மட்டும் இல்லாட்டி நல்லாவா இருக்கும்னு கேட்டீங்கள்ல?”

“எத்தனை பேர் சம்பளத்துல பிடிச்சாரு?” ஜெயக்கொடி பேனாவைத் திறந்தார்.

“பதினாலு பேருக்கும். மீனாக்காவுக்கும்.”

“ஏய்!”

“எனக்கும்தேன் மேடம்,” என்றபடி நல்லகாமன் பின்வேலியிலிருந்து சட்டையில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே வந்தான். “வாராவாரம் சம்பளம் இவருதேன் குடுக்குறாரு. நான் காண்ட்ராக்ட்காரன்னு இப்பத்தேன் எனக்கே தெரியுது.” யாரோ சிரித்தார்கள். பசை வாளிக்காரன் கையைத் துடைத்துவிட்டு முன்னால் வந்தான்.

பெயர், எத்தனை வருஷம், என்ன சம்பளம், வைகாசியில் அந்த மிஷினில் யார் நின்றது, என்ன நடந்தது. ஜெயக்கொடி ஒவ்வொருவராக எழுதிக் கையெழுத்து வாங்கினார். அழகுபாண்டி வாயிலிருந்து ‘மேடம்’ போய்விட்டது.

“நாளைக்கே அஞ்சு பேரத் தூக்கி எறிஞ்சிட்டு எட்டுப் பேர வச்சு ஓட்டுறேன். என்ன செய்வீங்க?”

“ஒரு தடவை வரம்புக்குள்ள வந்துட்டா அப்புறம் ஆள் குறைஞ்சாலும் விடாது சார். நான் அறிக்கை கொடுப்பேன், உங்களுக்கு நோட்டீஸ் வரும், பதில் சொல்லலாம். தையிலேயே பத்துப் பேர் தாண்டியிருந்தீங்கன்னு முடிவாச்சுன்னா, வைகாசில அடிபட்டவங்க எங்க ஆளு. அவங்களுக்குத் தர்ற பணத்தை உங்ககிட்ட வசூல் பண்ணுவோம்.” பிறகு முத்துமீனாவிடம் சொன்னார்: “கிரைண்டர்னு எழுதுன சீட்டு இருக்கேம்மா, அதுக்கும் மல்லுக்கட்டணும். பார்த்தவங்க வாக்குமூலம் இப்ப இருக்கு.”

ஜெயக்கொடியின் ஜீப் போனதும் அழகுபாண்டி பேனரை ஒரு மிதி மிதித்துவிட்டு உள்ளே போனார். மிஷின்கள் ஓடவில்லை.

நாகஜோதி மெல்ல வந்து பக்கத்தில் நின்றாள். கையைத் தொடப் போனாள். முத்துமீனா உதறினாள்.

“மூணு மாசம். எங்கடி வச்சிருந்த இந்த வாய? எரநூறு ரூவா பேனருக்கு வாய் வருது, என் வெரலுக்கு வரல?”

நாகஜோதி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“எம் பேரு அந்த ஒம்போதுல இருந்துச்சுக்கா. அதுவும் போயிரும்னு பயந்தேன்.”

“இருந்து என்னடி? உனக்கு இ.எஸ்.ஐ. கார்டு குடுத்தானா? நாளைக்கு உங்கை போயிருந்தா உனக்கும் கிரைண்டர்தேன்டி.”

“தெரியும்.”

“தெரியுமா!”

முத்துமீனா திரும்பி நடந்தாள். ரோட்டைத் தாண்டி, ஆரப்பாளையம் போகிற பஸ்ஸைக் கைநீட்டி நிறுத்தினாள். ஆஸ்பத்திரி ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும். அந்தச் சீட்டை எழுதிய டாக்டரை இன்றைக்கே பார்க்க வேண்டும்.