வித்யாஸ்ரீக்கு ஒரு ரூபாய்

அந்தச் செய்தியைக் கொண்டுவந்து கஸ்தூரியின் வீட்டு வாசலில் கொட்டியவள் எதிர்வீட்டு மஹாதேவி. செவ்வாய்க்கிழமை காலை, கஸ்தூரி சோளரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து உன் வீட்டுக்காரர் கடையில மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன்டி. காசு அனுப்பலாம்னு மேசை மேல இருக்கிற ஸ்டிக்கருக்கு நேரா போனைக் காட்டினா, வித்யாஸ்ரீன்னு பேரு வருது. யாருடி அது, உன் நாத்தனாரா?"

"எனக்கு ஏது நாத்தனார்?"

"அதான் எனக்கும் தெரியுமே" என்றாள் மஹாதேவி. தெரிந்துகொண்டே கேட்கிறவர்களுக்கு முகத்தில் ஒரு அக்கறை வரும் பாருங்கள், அது அவளுக்கு நெற்றி முழுக்க வந்திருந்தது. "நான் பாட்டுக்குக் காசை அனுப்பிட்டேன். யார் பேர்ல இருந்தா எனக்கென்ன. உங்க குடும்ப விஷயம்."

கல்லில் கிடந்த ரொட்டி கருகிப்போனது.

ஹூப்ளியில் துர்கத் பைல் சந்தையின் மூலையில் அவள் கணவர் ஈரப்பாவுக்குப் பதினேழு வருடமாகக் கடை. கிர்மிட்டும் மிளகாய் பஜ்ஜியும்தான் வியாபாரம். கிர்மிட்டுக்கான புளிக்காரக் கலவையைக் கஸ்தூரிதான் வீட்டில் வதக்கிக் கொடுப்பாள். மூன்று மணிக்கு அவர் அதைத் தூக்கிக்கொண்டு போவார்; அங்கே பொரியில் போட்டுப் பிசைந்து, மேலே வெங்காயம் தூவிக் கொடுப்பார். அவள் கைப்பக்குவத்துக்குத்தான் கூட்டம் வருகிறது. அந்தக் காசு எவளோ ஒரு வித்யாஸ்ரீக்குப் போகிறது என்றால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அன்று சாயங்காலமே பூ வாங்குகிற சாக்கில் சந்தைக்குப் போனாள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தட்டோடு நின்ற கல்லூரிப் பெண்களின் பின்னால் நின்றாள். ஈரப்பா எண்ணெய்ச் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு கையிலும் முழங்கை வரை கடலைமாவு. ஒவ்வொருவரும் போனை அவர் பக்கம் திருப்பி, "அண்ணே, அனுப்பிட்டேன்" என்றார்கள். அவரும் பார்க்காமலே, "சரி, சரி" என்றார். காசு வந்துவிட்டதென்று சத்தம் போடுகிற பெட்டி ஒன்று முன்பு இருந்தது. அதற்கு மாத வாடகை தண்டம் என்று தீபாவளிக்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கஸ்தூரி கையை மட்டும் நீட்டி, மேசை மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கருக்கு நேராகப் போனைப் பிடித்தாள். திரையில் கட்டம் துடித்தது. பெயர் வந்தது. வித்யாஸ்ரீ.

மஹாதேவி பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கஸ்தூரி ஒரு ரூபாய் என்று தட்டினாள். அதற்குக் கீழே குறிப்பு எழுதுவதற்கு ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் "யாருடி நீ?" என்று எழுதி அனுப்பினாள். பச்சை டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. அதாவது, புரிந்ததாக நினைத்துக்கொண்டாள். போன மாதம் தலைக்கு மை வாங்கி அடித்துக்கொண்டாரே, அது யாருக்காக? சங்கராந்திக்கு எடுத்த நீலச் சட்டையை இப்போதெல்லாம் கடைக்கே போட்டுக்கொண்டு போகிறாரே? ஞாயிற்றுக்கிழமை கேட்காமலே தார்வாடு பேடா வாங்கி வந்தாரே! குற்றமுள்ள நெஞ்சு இல்லாமல் எந்த ஆம்பிளை கேட்காமல் பேடா வாங்குவான்?

வித்யாஸ்ரீயை அவள் மனதிலேயே செய்து முடித்துவிட்டாள். இருபத்தெட்டு வயது. மெலிந்த இடுப்பு. இல்கல் புடவையை மடிப்புக் கலையாமல் கட்டுகிறவள். விரலில் வெங்காய வாடை கிடையாது. முக்கியமாக, படித்தவள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு படிக்காமலா இருப்பாள்? கஸ்தூரி ஏழாம் வகுப்போடு சரி. படிப்பை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் ஒரு பதில் சொல்லிவிடுவார். அந்தப் பதில் உண்மையாக இருந்துவிட்டால் பிறகு அவள் எங்கே போவாள்? கேட்கிறவரைக்கும் அது சந்தேகம். சந்தேகத்தோடு சமைக்கலாம், துவைக்கலாம், பக்கத்தில் படுக்கவும் செய்யலாம்.

புதன்கிழமை சாப்பிடும்போது ஈரப்பாவே ஆரம்பித்தார்.

"என்னமோ கஸ்தூரி, கூட்டம் வருது, சட்டி ஓயலை. ஆனா காசு சேர்ந்த மாதிரியே தெரியலை. போன்ல மெசேஜ் முன்ன மாதிரி டிங்டிங்னு வரக் காணோம்."

அடேயப்பா, இப்போதே சாக்கு தயார் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"காசு எங்க போகணுமோ அங்க போகுது" என்றாள்.

"என்னது?"

"ரொட்டி போடவான்னு கேட்டேன்."

"ஏன் இன்னிக்கு இவ்வளவு உப்பு?"

"ருசியா வேணும்னா ருசியா சமைக்கிறவ வீட்டுக்குப் போங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்துபோனார். பதினெட்டு வருடத்தில் அவள் இதைவிட மோசமாகவும் பேசியிருக்கிறாள் என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்கு அவர் கிளம்பியதும் போனை எடுத்தாள். முதல் நாள் அனுப்பியதால் வித்யாஸ்ரீயின் பெயர் மேலேயே இருந்தது, தொட்டால் போதும். இன்னொரு ரூபாய். "அவருக்கு சுகர் இருக்கு. ஸ்வீட் கொடுக்காதே." அனுப்பிய பிறகுதான் தன் மேலேயே கோபம் வந்தது. சக்களத்திக்குப் பத்தியம் சொல்லிக் கொடுக்கிற கூத்து வேறு எங்கேயாவது உண்டா?

வியாழக்கிழமை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பெரிய மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "ஏம்மா முகமெல்லாம் வீங்கியிருக்கு?" என்றாள். வெங்காயம் என்றாள் கஸ்தூரி. மூன்றாவது ரூபாயை அனுப்பினாள். கூடவே ஒரு குறிப்பும் எழுதினாள்; இந்த முறை திட்டவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொறுக்க முடியாமல் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள். கூட்டம் இன்னும் சேராத நேரம். ஈரப்பா மிளகாயைக் கீறிக்கொண்டிருந்தார்.

"என்ன இந்த நேரத்துல?"

"உங்க வித்யாஸ்ரீயைப் பார்க்க வந்தேன்."

"எந்த வித்யாஸ்ரீ?"

"நடிக்காதீங்க! கலவை வதக்க நான், காசு வாங்க அவளா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் மேசை மேலிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தை விட்டாள். கிழித்துச் சுக்கல் சுக்கலாக்கி அவர் முகத்தில் எறியவேண்டும் என்பதுதான் எண்ணம். ஒரு மூலை தூக்கிக்கொண்டது. இழுத்தாள். முழுதாக வந்துவிட்டது. ஆனால் மேசை தெரியவில்லை. அடியில், எண்ணெய்ப் பிசுக்கேறி, அதே அளவில் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அவள் போனை அதன் மேல் காட்டினாள். ஈரப்பா கரிகார் என்று வந்தது. கையில் இருந்ததன் மேல் காட்டினாள். வித்யாஸ்ரீ.

"இது யாரு?" என்றார் ஈரப்பா. முகத்தில் ஈயாடவில்லை. "இதை யாரு இங்க ஒட்டினது?"

அவர் ஓடிப்போய் அடுப்போரத் தூணில் ஒட்டியிருந்த இன்னொரு ஸ்டிக்கரையும் தடவிப் பார்த்தார். அது அவருடையதுதான், அவர் பெயர்தான் வந்தது. அதில் வந்த கொஞ்சநஞ்சக் காசால்தான் மேசைக் காசு வராதது இத்தனை நாள் தெரியாமல் போயிருக்கிறது. "திருட்டுப்பயலுக! என் உழைப்புடி! எத்தனை நாளா போச்சுன்னே தெரியலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கஸ்தூரிக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திருட்டு! வெறும் திருட்டுதான்! இல்கல் புடவை இல்லை, மெலிந்த இடுப்பு இல்லை, ஒன்றும் இல்லை. அவளுக்கு அந்த எண்ணெய்ச் சட்டிக்கே முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

"எதுக்குடி சிரிக்கிற?" என்றார் அவர்.

அடுப்பை அணைத்துவிட்டு சைபர் போலீஸுக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் சுமங்களா என்ற பெண் ஏட்டு. உரித்த ஸ்டிக்கரை ஒரு உறையில் போட்டுக்கொண்டார்.

"காலையில கடை திறந்ததும் ஓரத்தை நகத்தால தடவிப் பார்க்கணும், போனைக் காட்டி யார் பேர் வருதுன்னு பார்க்கணும். ரெண்டு நிமிஷ வேலை. யாரும் செய்யறதில்லை" என்றார். "சரி, அந்தக் கணக்குக்குப் பணம் போனதுக்கு ஆதாரம் என்ன இருக்கு? பரிவர்த்தனை எண், தேதி?"

"எனக்கு வந்திருந்தாதானே மேடம் எங்கிட்ட இருக்கும்? காசு சாப்பிட்டவங்க போன்ல இருந்து நேரா அங்க போயிருச்சு" என்றார் ஈரப்பா.

"அப்ப சாப்பிட்டவங்கள்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க. எண் இருந்தா இப்பவே அந்தக் கணக்கை முடக்கச் சொல்லலாம். நாளாக ஆக, ஸ்டிக்கர் ஒட்டினவன் இருக்கிறதையும் எடுத்துட்டுப் போயிருவான்."

"வந்து தின்னுட்டுப் போறவங்களை நான் எங்க போய்த் தேடுவேன் மேடம்? பேருகூடத் தெரியாதே" என்று ஈரப்பா நாற்காலியில் சரிந்தார்.

மஹாதேவியிடம் எண் இருக்கும். அவளைக் கூப்பிட்டால் போதும். கூப்பிட்டால் தெரு முழுக்கக் கதை நாறும். அதற்குள் அவன் காசை எடுத்துவிடுவான். கஸ்தூரி தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. வெட்கம் காதுவரை ஏறியது. பக்கத்தில் அவர் மாவு காய்ந்த கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

போனைத் திறந்து ஏட்டம்மாவிடம் நீட்டினாள்.

"செவ்வாய், புதன், வியாழன்" என்று சுமங்களா விரலால் தள்ளிப் பார்த்தார். "எண் இருக்கு, தேதி இருக்கு, கணக்கு இருக்கு. பிரமாதம். என்னம்மா, மூணு நாளும் ஒவ்வொரு ரூபாயா? குறிப்பு வேற இருக்கே. அதையும் புகார்ல சேர்க்கணும்."

"அது வேண்டாம் மேடம்."

"சேர்க்காம முடியாதும்மா." கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார். "யாருடி நீ?"

ஈரப்பா முகத்திலிருந்து கையை எடுத்தார்.

"அவருக்கு சுகர் இருக்கு. ஸ்வீட் கொடுக்காதே."

"அப்ப உனக்கு மூணு நாளா தெரியுமா?" என்றார் ஈரப்பா. "மூணு நாள் காசு போறதைப் பார்த்துட்டு சும்மாவா இருந்த? ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே..." என்று எழுந்தே நின்றுவிட்டார். கஸ்தூரி தரையைப் பார்த்தாள். திட்டட்டும், அடித்தால்கூட அடிக்கட்டும் என்றிருந்தது.

சுமங்களா அவரைக் கையமர்த்திவிட்டு மூன்றாவதைப் படித்தார். கொஞ்சம் மெதுவாகவே படித்தார்.

"காசை நீயே வச்சுக்க. அவரை மட்டும் விட்டுடு."

ஏட்டம்மா சிரிப்பை அடக்க மேசை இழுப்பறையில் எதையோ தேடினார். ஈரப்பா உட்கார்ந்தார். மனைவியைப் பார்த்தார், வெங்காயம் அரிந்து அரிந்து கறுத்த அந்த விரல்களைப் பார்த்தார்.

"மேடம்" என்றார். "கடைசியா படிச்சீங்களே, அதை இன்னொரு தடவை படிங்க."