குளியலறை பற்றி ஒன்றும் சொல்லவில்லை

நகுலேஸ்வரனின் குடும்பத்தில் யாரும் பிறர் வீட்டுக் கக்கூஸ் கழுவியதில்லை. இத்தாலியின் பலெர்மோவில் வாழும் நம்மவர்களில் பாதிப் பேர் அதைச் செய்துதான் தலை நிமிர்ந்தார்கள் என்பது வேறு கதை. அவருடைய மனைவி குகனேஸ்வரி ஒரு பல் வைத்தியர் வீட்டில் பல வருடம் கூட்டித் துடைத்திருக்கிறார். அதையும் நகுலேஸ்வரன் கோயிலடியில் கதைக்கும்போது "டொக்டருக்கு உதவியாய் இருந்தவ" என்று முடித்துவிடுவார்.

இப்போது மருமகள் சிவானுஜாவின் முறை வந்தது. மகன் கஜானன் வேலை பார்த்த உணவகம் மூடப்பட்டுவிட்டது. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் நெருங்கியது. வீட்டில் ஒருவருக்காவது ஒழுங்கான வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் போய் எதைக் காட்டுவது? அந்த நேரத்தில்தான் பொலிதேயாமாப் பக்கம் குடியிருக்கும் லிபிய நாட்டு அம்மா ஒருவர் வீட்டுக்கு ஆள் தேடுகிறார் என்று தெரிந்தது. சினியோரா நஜ்வா. மகனுக்குக் கப்பல் வியாபாரம், பெரும்பாலும் வெளியூர். அம்மாவுக்கு அரபு மட்டும்தான். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, பிடித்தால் ஒப்பந்தம் எழுதுவதாகச் சொன்னார்கள்.

அரபு என்றதும் நகுலேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இளமையில் குவைத்தில் ஒரு பெரிய வீட்டுக் கார் ஓட்டியவர். குவைத்து அரபு வேறு, லிபிய அரபு வேறுதான். ஆனாலும் மெதுவாகச் சொன்னால் விளங்கும். மொழிபெயர்ப்பைத் தானே பார்ப்பதாக அறிவித்தார்.

முதல் நாள் கோட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, பெண் பார்க்கப் போகும் தோரணையில் போனார். சினியோரா வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றும்படி சொன்னார். நகுலேஸ்வரன் அதைச் சிவானுஜாவுக்கு ஒழுங்காக மொழிபெயர்த்தார். அது வேலைக்கு வந்தவளுக்கான விதி என்று எண்ணி, தான் சப்பாத்தோடேயே போய்ச் சோபாவில் அமர்ந்தார். சினியோரா மரியாதைக்கு அதைக் காணாதது போல் தேநீர் கொடுத்தார்.

பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டினார். குசினிக்கு நீலத் துணி, குளியலறைக்கு மஞ்சள் துணி, ஒன்றை மற்றதோடு சேர்க்கக் கூடாது. தொழுகைக்குக் கை கால் கழுவுவது அங்கேதான் என்பதால் குளியலறையையும் கக்கூஸையும் தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும். வெளுக்கும் திரவத்தையும் கறை எடுக்கும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் நச்சுப் புகை வரும். தன் முழங்கால் மடங்காது. மதியம் பிள்ளை தன்னோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுத் தலையாட்டிய நகுலேஸ்வரன், தமிழில் குசினியை வைத்துக்கொண்டு குளியலறையைக் கைவிட்டார். மஞ்சள் துணி போயிற்று, அமிலம் போயிற்று, முழங்காலும் போயிற்று. அந்நியர் வீட்டு மேசையில் எங்கள் வீட்டுப் பெண் சாப்பிடுவதா என்று சாப்பாட்டையும் விட்டார்.

"பாத்ரூம் ஆர் மாமா கழுவுறது?" என்று சிவானுஜா கேட்டாள்.

"அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. அதுக்கு வேற ஆள் இருக்கும் பிள்ளை."

சினியோராவிடம் வேறு மாதிரிச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் வேலைக்கு ஆள் வைத்துத்தான் பழக்கம், பிள்ளை இந்தத் தேசத்தைப் பழகுவதற்காக வருகிறாள் என்றார். ஏன் சாப்பிட மாட்டாள் என்று கேட்டதற்கு, பெரிய விரதம் ஒன்று பிடிக்கிறாள் என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மரியாதை பெருகியது, வேலை நகரவில்லை. சிவானுஜா குசினியைப் பளபளக்கத் துடைத்தாள். குளியலறைக் கதவை வேறொருவரின் எல்லை என்று திறக்கவேயில்லை. சினியோரா, பெரிய இடத்துப் பிள்ளை, அதிலும் பட்டினி விரதம் என்று இரக்கப்பட்டு, மடங்காத முழங்காலை மடக்கித் தானே கழுவினார். பசி தாங்காத சிவானுஜா பேருந்தில் பாணைப் பிய்த்துத் தின்றபடி வீடு வந்தாள்.

வார நடுவில் சினியோராவிடமிருந்து குரல் செய்தி வந்தது. பிள்ளைக்குக் குளியலறை கழுவ வெட்கமா, தன் கால் வீங்கிவிட்டதே என்று. நகுலேஸ்வரன் இரண்டு தரம் கேட்டார்.

"என்னவாம் மாமா?"

"உன்னில நல்ல திருப்தியாம்."

குகனேஸ்வரி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தார். "இஞ்சேருங்கோ, இவ்வளவு நேரமும் அந்த மனிசி திருப்தியைப் பற்றியே கதைச்சது? குரலைக் கேட்டால் அழுற மாதிரிக் கிடக்கு."

"அரபு அப்பிடித்தான் இருக்கும்," என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை இருவரையும் வரச்சொல்லி அடுத்த செய்தி வந்தது. ஒப்பந்தம் எழுதத்தான் என்று சிவானுஜா நல்ல சட்டை உடுத்தாள். நகுலேஸ்வரன் மறுபடியும் கோட்டைப் போட்டார்.

சினியோரா கோபப்படவில்லை. அமைதியாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: பிள்ளை நல்லவள், ஆனால் இந்த வேலை அவளுக்குச் சரிவராது, குளியலறையைத் தன்னால் கழுவ முடியாது, திங்கள் முதல் வேறொருத்தி வருவாள். சொல்லும்போது குளியலறைப் பக்கம் கையைக் காட்டினார், மஞ்சள் துணியைத் தூக்கிக் காட்டினார், முழங்காலைத் தடவினார். அவருடைய அரபுக்குள் "லவந்தினோ" என்ற சொல்லும் வந்து விழுந்தது. இத்தாலியர் லிபியாவை ஆண்ட காலத்தில் அங்கே விட்டுவந்த சொல், கை கழுவும் தொட்டிக்கு. நகுலேஸ்வரனுக்கு அது கெட்டுப்போன அரபு. இத்தாலி வகுப்புக்குப் போகும் சிவானுஜாவுக்கு அது நன்றாகத் தெரிந்த சொல்.

"மாமா, அவ பாத்ரூமைக் காட்டிக் காட்டிக் கதைக்கிறா. என்ன சொல்லுறா?"

"வடிவாய் இருக்கெண்டுறா."

"காலைக் காட்டுறாவே?"

"காலும் சுகமாம்."

சிவானுஜா அவரை ஒரு கணம் பார்த்தாள். வீங்கிய அந்த முழங்காலைப் பார்த்தாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மஞ்சள் துணியைச் சினியோராவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். வெளுக்கும் போத்தலை ஊற்றினாள். அடுத்த போத்தலின் மூடியைத் திருகியபோது சினியோரா நொண்டியபடி ஓடிவந்து கையைப் பிடித்தார். "லா, லா!" வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு போத்தல்களையும் தள்ளித் தள்ளி வைத்து, தொண்டையைப் பிடித்து இருமிக் காட்டினார், யன்னலைத் திறந்துவிட்டார்.

சிவானுஜா குளியலறை வாசலுக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "ரெண்டையும் கலக்கப்படாது எண்டு முதலே சொன்னவவோ மாமா?"

"சொன்னவதான்."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கக்கூஸ் கதை வந்தால்தானே அந்தக் கதை வரும்," என்றார் நகுலேஸ்வரன். அவர் வரையில் அது நியாயமான பதில்.

அதற்குப் பிறகு அவரை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே ஒருத்தி அரபிலும் ஒருத்தி அரைகுறை இத்தாலியிலும், இடையிடையே தமிழிலும் கதைத்தார்கள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, தேய்க்கும் சத்தம் கேட்டது, பிறகு சிரிப்பும் கேட்டது. மதியமானதும் சினியோரா பருப்புச் சூப்பும் பாணும் மேசையில் வைத்து, கையை வாயருகே கொண்டுபோய்ச் சைகை செய்தார். விரதம் பிடிப்பதாகச் சொல்லப்பட்ட பிள்ளை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சினியோரா கரண்டியைப் பிடித்தபடி நகுலேஸ்வரனைப் பார்த்த பார்வையை எந்த மொழியிலும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் சினியோரா அவர் பக்கம் திரும்பினார். வேறு ஆள் வேண்டாம், மகன் வந்ததும் ஒப்பந்தம் எழுதுவோம் என்றார். இதுவரை சொன்னதில் எது போனாலும் இந்த ஒன்றையாவது பிள்ளைக்குச் சரியாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்: இனிமேல் மாமா வரத் தேவையில்லை.

நகுலேஸ்வரன் கோட்டின் பொத்தானைப் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"ஒப்பந்தம் எழுதுறாவாம். நான் எல்லாம் ஒழுங்காய் விளங்கப்படுத்தினபடியால், இனி என்னை அலைக்கழிக்க விரும்பேல்லையாம்."

"ஓம் மாமா," என்றாள் சிவானுஜா. "எனக்கும் அப்பிடித்தான் விளங்கினது."

அவர் எழுந்து, தலை நிமிர்ந்து, நடு மண்டபத்தால் நடந்து வெளியேறினார். வியா மக்வேதாத் தெருவில் கோயிலடிச் சிநேகிதர் விமலராஜ் எதிர்ப்பட்டு மருமகளின் வேலை எப்படி என்று கேட்டால் சொல்வதற்கு, "வீட்டு நிர்வாகம் முழுக்க அவளிட்டை ஒப்படைச்சாச்சு" என்ற வசனம் படியிறங்கும்போதே தயாராகிவிட்டது. மேலே, கதவு சாத்தப்படுவதற்கு முன்பே, சிவானுஜா நீலத் துணியுமில்லாமல் மஞ்சள் துணியுமில்லாமல் ஒரு பழந்துணியை எடுத்து, வாசலிலிருந்து சோபா வரை போய் வந்திருந்த சப்பாத்துத் தடங்களைத் துடைக்கத் தொடங்கினாள்.